பவர் பேங்க் வாங்கும் முன் ரிவ்யூ படிப்பது எப்படி: காசு வாங்கிக்கொண்டு எழுதியதைப் பிரித்தெடுக்க ஒரு வழிகாட்டி

20000 எம்ஏஎச், 4.4 நட்சத்திரம், ஆயிரக்கணக்கான ரேட்டிங், விலை 600 ரூபாய்க்குள். “இது நல்லதா பாரேன்” என்று எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் மாதத்துக்கு ஒரு லிங்காவது வந்துவிடும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விளக்கி விளக்கி அலுத்துப்போய்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். ஆன்லைனில் புதிதாக வாங்க ஆரம்பித்தவர்களுக்கான கட்டுரை இது. அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டையும் மனதில் வைத்துச் சொல்கிறேன், பொருளுக்குப் பவர் பேங்கையே எடுத்துக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது: புடவையோ பெர்ஃப்யூமோ என்றால் ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவருக்குப் பிடிக்காது, எது பொய் என்று நிரூபிக்க முடியாது. பவர் பேங்கில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பொய் சொன்னால் கணக்கு இடிக்கும்.

செலவு எதுவும் இல்லை. ஒரு பொருளுக்கு இருபது நிமிடம் போதும். கணக்கில் லாகின் செய்துகொள்ளுங்கள், லாகின் இல்லாமல் அமேசானில் மொத்த ரிவ்யூக்களையும் பார்க்க முடியாது. முடிந்தால் கம்ப்யூட்டரில் பாருங்கள், ஃபோனில் தேதிகளை ஒப்பிடுவது கண்ணுக்கு வேலை.

1. ரிவ்யூவுக்குப் போகும் முன் நாலு ஸ்கிரீன்ஷாட்

பொருளின் பெயரும் விலையும் தெரியும் இடம், விற்பவர் பெயர் (“Sold by” என்று இருக்கும்), ரிட்டர்ன் விதி, எடை போட்டிருக்கும் விவரப் பட்டியல். இந்த நாலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் கீழே இறங்குங்கள். பக்கங்கள் மாறிக்கொண்டே இருக்கும். இன்று “20000” என்று இருந்தது நீங்கள் புகார் கொடுக்கும் நாளில் அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

இதில் ரிட்டர்ன் விதியைக் கவனமாகப் படியுங்கள். எலக்ட்ரானிக்ஸ் பொருட்களில் பலவற்றுக்கு 7 நாள் “Replacement” மட்டும்தான் இருக்கும், பணம் திரும்பி வராது, அதே பொருளில் இன்னொன்று வரும். மோசமான பொருளுக்குப் பதில் இன்னொரு மோசமான பொருள் வந்து யாருக்கு என்ன லாபம்? இந்த ஏழு நாள் கணக்கு பொருள் வந்த பிறகும் முக்கியம், கீழே சொல்கிறேன்.

விற்பவர் பெயரை அழுத்தினால் அவருக்கு வந்த மதிப்பீடுகள் தனியாக இருக்கும். அது கடைக்கான மதிப்பீடு, பொருளுக்கானது இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கடைசி 30 நாள், 90 நாள், 12 மாதம் என்று பிரித்துக் காட்டுவார்கள். பொருளுக்கு ஆயிரக்கணக்கில் ரேட்டிங் இருக்க, கடைக்கு வந்தது வெறும் பத்துப் பதினைந்துதான் என்றால், அந்த ரேட்டிங்கெல்லாம் வேறு யாரோ விற்ற காலத்தில் வந்ததாக இருக்கலாம்.

2. “Verified Purchase” என்பதை எவ்வளவு நம்புவது

அமேசானில் “Verified Purchase”, ஃபிளிப்கார்ட்டில் “Certified Buyer”. புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்ததும் இவர் நிஜமாகவே வாங்கியவர், அதனால் உண்மையைத்தான் எழுதியிருப்பார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். முதல் பாதி சரி, இரண்டாம் பாதிக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. அந்தக் கணக்கிலிருந்து ஓர் ஆர்டர் போனது, அவ்வளவுதான் அந்த முத்திரையின் பொருள்.

காசுக்கு ரிவ்யூ எழுதும் தொழில் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இது புரியும். டெலிகிராமில் “ரிவ்யூ டீல்” குரூப்கள் இருக்கின்றன. விற்பவருக்கும் எழுதுபவருக்கும் நடுவில் ஒருவர் இருப்பார், மீடியேட்டர் என்பார்கள். அவர் ஒரு பொருளின் படத்தைப் போடுவார். நீங்கள் உங்கள் சொந்தக் காசில் ஆர்டர் போட வேண்டும், ஆர்டர் ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டும், பொருள் வந்து சில நாள் கழித்து ஐந்து நட்சத்திரம் கொடுத்து எழுத வேண்டும், ரிவ்யூ பக்கத்தில் வந்ததும் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரு ஃபார்மில் நிரப்ப வேண்டும். ரிட்டர்ன் நாட்கள் முடிந்த பிறகு யூபிஐ-யில் முழுப் பணமோ, கொஞ்சம் கழித்துக்கொண்டோ வரும். பொருளை வைத்துக்கொள்ளலாம். இன்னொரு வகையில் பொருளே வராது, காலி டப்பா வரும், ரேட்டிங் மட்டும் போட்டால் போதும்.

ஆக, ஆர்டர் நிஜம், பணம் கட்டியது நிஜம், டெலிவரி நிஜம். சைட்டின் கண்ணுக்கு எல்லாமே சரியாக இருப்பதால் முத்திரை தானாக விழுந்துவிடுகிறது. இந்தக் குரூப்களில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் காசு ஒரு மாதம் முன்பின் தெரியாத ஒருவரிடம் மாட்டிக்கொண்டிருக்கும், மீடியேட்டர் குரூப்பைக் கலைத்துவிட்டுப் போனால் போலீஸில் போய் என்ன சொல்வீர்கள்?

முத்திரை இல்லாத ரிவ்யூவை நான் பெரும்பாலும் தள்ளிவிடுகிறேன். முத்திரை இருப்பதைத் தனியாகச் சோதிக்கிறேன். அமேசானில் “Vine Customer Review of Free Product” என்ற வரியைப் பார்த்தால் அது வேறு கதை, சைட்டே இலவசமாகப் பொருள் கொடுத்து எழுதச் சொன்னது என்று வெளிப்படையாகவே போட்டுவிடுகிறார்கள். அதில் விவரம் நிறைய இருக்கும், படிக்கலாம். ஆனால் கைக்காசு போட்டு வாங்கியவரின் எரிச்சல் அதில் இருக்காது.

3. வரிசையை மாற்றிவிட்டுத் தேதியைப் பாருங்கள்

சைட் முதலில் காட்டுவது அது தேர்ந்தெடுத்த வரிசை. அமேசானில் “Top reviews”, ஃபிளிப்கார்ட்டில் “Most Helpful”. “Helpful” பட்டனை அழுத்தவும் ஆள் பிடிக்கலாம் என்பதால் அந்த வரிசை எனக்கு உதவுவதில்லை. அமேசானில் “Most recent” என்றும், ஃபிளிப்கார்ட்டில் “Latest” என்றும் மாற்றுங்கள்.

மாற்றியதும் எழுத்தைப் படிக்காதீர்கள். தேதிகளை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். நன்றாக விற்கும் பொருளுக்கு ரிவ்யூ சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருக்கும், தள்ளுபடி விற்பனை முடிந்த அடுத்த வாரங்களில் கொஞ்சம் கூடும். டீல் போட்ட பொருளுக்கு மூன்று நான்கு நாளுக்குள் ஒரு கும்பல், அத்தனையும் ஐந்து நட்சத்திரம், அப்புறம் நீண்ட அமைதி, மறுபடி ஒரு கும்பல். பெரிய விற்பனை எதுவும் இல்லாத நேரத்தில் அப்படி ஒரு கும்பல் வந்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஃபிளிப்கார்ட்டில் பழைய ரிவ்யூவுக்குச் சரியான தேதி இருக்காது, “5 months ago” என்பது போலத்தான் இருக்கும், அதனால் அங்கே இந்தச் சோதனை மங்கலாகத்தான் வேலை செய்யும். ஆனால் பல ரிவ்யூக்களில் ஊர் பெயர் இருக்கும். பல மாநிலத்து ஊர்கள் கலந்து இருப்பதுதான் இயல்பு.

அடுத்தது, ரிவ்யூ எந்தப் பொருளுக்கு எழுதப்பட்டது என்பது. ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் மேலே கலர், சைஸ் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும், அதைப் படியுங்கள். ஒரே பக்கத்தில் 10000 எம்ஏஎச், 20000 எம்ஏஎச், சார்ஜிங் கேபிள் எல்லாவற்றையும் “வேரியன்ட்” என்று கட்டிப்போட்டால், நல்ல கேபிளுக்கு வந்த நட்சத்திரம் மோசமான பவர் பேங்குக்கும் போய்ச் சேரும். இன்னும் துணிந்தவர்கள், விற்பனை நின்றுபோன ஏதோ ஒரு பழைய பொருளின் பக்கத்தை எடுத்துப் படத்தையும் பெயரையும் மாற்றிவிடுகிறார்கள், பழைய ரிவ்யூக்கள் அப்படியே கூட வரும். சின்னக் கடைகள் மட்டும் செய்வதில்லை இதை. 2023-இல் அமெரிக்காவில் வைட்டமின் மாத்திரை விற்கும் பவுன்டிஃபுல் என்ற நிறுவனம், அமேசானில் புதிய பொருட்களை நன்றாக ஓடும் பழைய பொருட்களோடு வேரியன்டாகச் சேர்த்து ரேட்டிங்கை வாரிக்கொண்டது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் பிடித்தது, 6 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள்.

கண்டுபிடிப்பது எளிது. வரிசையில் எவ்வளவு பின்னால் போக முடிகிறதோ அவ்வளவு போய்ப் பழைய ரிவ்யூக்களைப் பாருங்கள். பவர் பேங்க் பக்கத்தில் “கவர் கச்சிதமாகப் பொருந்துகிறது”, “குழந்தைக்குப் பிடித்திருக்கிறது” என்று இருந்தால் அத்தோடு பக்கத்தை மூடிவிடலாம், அடுத்த படிகள் தேவையே இல்லை.

4. நடு நட்சத்திரங்களைப் படியுங்கள்

இப்போதுதான் எழுத்தைப் படிக்கும் வேலை. ஐந்தையும் ஒன்றையும் ஒதுக்கிவிட்டு மூன்றில் ஆரம்பியுங்கள், அப்புறம் இரண்டு, நான்கு. காசு கொடுத்து யாரும் மூன்று நட்சத்திரம் வாங்குவதில்லை, போட்டிக்காரனை இறக்க நினைப்பவனும் மூன்று போட மாட்டான், ஒன்றுதான் போடுவான். அதனால் நடுவில் இருப்பவை பெரும்பாலும் நிஜமாகப் பயன்படுத்தியவர்கள் எழுதியவை. “சார்ஜ் ஏறுகிறது, ஆனால் இரண்டு ஃபோன் போட்டால் ஒன்று மெதுவாகிவிடுகிறது”, “டைப்-சி போர்ட் ஒரு மாதத்தில் லூஸ்” என்ற மாதிரி ஒரு குறையும் ஒரு நிறையும் சேர்ந்து இருக்கும்.

ஒரே குறையை வெவ்வேறு மாதத்தில் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு வார்த்தையில் சொல்லியிருந்தால் அது பொருளின் குறைதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒருவர் மட்டும் சொன்னது அவருக்கு வந்த ஒரு பீஸின் குறையாக இருக்கலாம்.

ஒரு நட்சத்திரத்தில் பாதிக்கு மேல் டெலிவரிப் புலம்பலாக இருக்கும். டப்பா கிழிந்திருந்தது, டெலிவரி பையன் ஃபோன் எடுக்கவில்லை, ஓடிபி தகராறு. அதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். “இதை வாங்காதீர்கள், அந்த பிராண்ட் வாங்குங்கள்” என்று இன்னொரு கம்பெனியின் பெயரை மாடல் நம்பரோடு சொல்லும் ஒற்றை நட்சத்திரத்தையும் சந்தேகக் கணக்கில் சேருங்கள்.

நட்சத்திரங்கள் எந்த விகிதத்தில் பிரிந்திருக்கின்றன என்று காட்டும் பட்டைகளையும் இப்போது பாருங்கள். ஐந்து நிறைய, நான்கு ஓரளவு, மூன்று அதைவிடக் குறைவு, கடைசியில் ஒன்று கொஞ்சம் எகிறியிருக்கும். இது சாதாரணமான பொருளின் படம். ஐந்து நட்சத்திரப் பட்டையும் ஒற்றை நட்சத்திரப் பட்டையும் கொழுத்து, நடுவில் இருக்கும் மூன்று பட்டைகளும் ஒட்டிக்கிடந்தால் இரண்டு தனிக் கூட்டம் எழுதியிருக்கிறது: காசு வாங்கியவர்கள் ஒரு பக்கம், ஏமாந்தவர்கள் இன்னொரு பக்கம். இது உறுதியான ஆதாரம் இல்லை, மற்றதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று.

5. கணக்குப் போடுங்கள்

600 ரூபாய் பவர் பேங்குக்கே வருவோம். பக்கத்தில் 20000 எம்ஏஎச் என்று கொட்டை எழுத்து. விவரப் பட்டியலில் எடை 190 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்ணே போதும், ரிவ்யூ படிக்கும் முன்பே கதை தெரிந்துவிடும். இப்போது விற்கும் லித்தியம் பேட்டரிகளில் 10000 எம்ஏஎச் பவர் பேங்கே ஏறக்குறைய 200 கிராம் இருக்கும். 20000 என்றால் சாதாரணமாக 350, 400 கிராம் ஆகிவிடும். கையில் எடுத்தால் கனமாகத்தான் இருக்க வேண்டும். “20000 எம்ஏஎச், ஆனால் பாக்கெட்டில் இருப்பதே தெரியவில்லை” என்று புகழும் ரிவ்யூ வருகிறதே, அது புகழ்ச்சி இல்லை, வாக்குமூலம்.

அடுத்தது எத்தனை முறை சார்ஜ் ஏறும் என்பது. உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட், வெளியே ஃபோனுக்குப் போவது 5 வோல்ட். 20000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு. 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 74 வாட்-அவர், அதாவது உள்ளே சேமித்திருக்கும் மொத்த மின்சக்தி. அதை 5 வோல்ட்டுக்கு ஏற்றும்போது 14800 எம்ஏஎச்தான் ஆகிறது, அதிலும் சூடாகிப் போவது போக 12500, 13000 கிடைத்தால் நல்ல பொருள். நம்பகமான பிராண்டுகள் இந்த இரண்டாவது எண்ணையும் “Rated Capacity” என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். 5000 எம்ஏஎச் பேட்டரி உள்ள ஃபோனை இதை வைத்து இரண்டரையிலிருந்து மூன்று முறை வரை நிரப்பலாம், அதற்கு மேல் இழுக்காது.

இந்த “மூன்று” என்ற எண்ணை வைத்துக்கொண்டு ரிவ்யூ படித்துப் பாருங்கள், எவ்வளவு வேகமாகப் பிரிகிறது என்று. “என் ஃபோனை 5 முறை ஃபுல் சார்ஜ் செய்தேன்” என்று ஒருவர், அவர் ஃபோன் பேட்டரியும் 5000. அவர் 20000-ஐ மனதில் வகுத்து, தாராளமாக ஒன்றைக் கூட்டி எழுதியிருக்கிறார், சார்ஜ் போட்டுப் பார்த்து எழுதவில்லை. “நாலு தடவை வரும் என்றார்கள், இரண்டே முக்கால்தான் வந்தது, ஏமாற்றம்” என்று இன்னொருவர் மூன்று நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். அந்தப் பொருள் உண்மையில் நல்ல பொருள்! ஏமாந்ததாக நினைப்பவரின் ரிவ்யூதான் உங்களை வாங்கவைக்க வேண்டியது. “ஒன்றரை தடவைக்கே காலி” என்று பலர் எழுதியிருந்தால் உள்ளே 10000 செல்தான் இருக்கிறது.

பவர் பேங்கை நிரப்பும் நேரமும் அப்படித்தான். 74 வாட்-அவரை 10 வாட் சார்ஜரில் ஏற்ற எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும், 18 வாட் என்றால் ஐந்து மணி நேரத்தை ஒட்டி. இரவு போட்டால் காலையில் நிரம்புகிறது என்று எழுதியவர் பயன்படுத்தியிருக்கிறார். சாதாரண சார்ஜரில் இரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிட்டது என்பவரிடம் 20000 எம்ஏஎச் இல்லை, அல்லது பொருளே இல்லை.

தேதியோடு எழுத்தைப் பொருத்தியும் பாருங்கள். “இன்றுதான் வந்தது, பேட்டரி பேக்கப் பிரமாதம்” என்பது ஒருநாளும் பொருந்தாது, பேக்கப் தெரிய குறைந்தது இரண்டு சுற்று ஏற்றி இறக்க வேண்டும். டீலில் எழுதுபவர்களுக்கு ரிவ்யூவைச் சீக்கிரம் போட்டுப் பணத்தை வாங்குவதுதான் குறி, அதனால் பொருள் வந்து முதல் வாரத்தில் எழுதுவார்கள், ஆனால் பல மாதம் வைத்திருந்தவர் போலப் பேசுவார்கள். இன்னொரு அடையாளம், பொருளின் முழுப் பெயரைத் தலைப்பில் இருந்தபடியே எழுதுவது. “இந்த 20000 எம்ஏஎச் 22.5 வாட் ஃபாஸ்ட் சார்ஜிங் டிரிபிள் அவுட்புட் பவர் பேங்க் மிகவும் அருமை” என்று வீட்டில் யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? பக்கத்தில் விற்பவர் போட்டிருக்கும் ஐந்து சிறப்புகளை அதே வரிசையில் திருப்பிச் சொல்லும் ரிவ்யூவும் அந்த ரகம்தான்.

6. போட்டோ இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள்

போட்டோ போட்டால் நிஜம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. டீல் விதியிலேயே “இரண்டு போட்டோ கட்டாயம்” என்று இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அந்தப் போட்டோக்களுக்கு ஒரு முகம் உண்டு: மெத்தை விரிப்பின் மேல் டப்பா, பிளாஸ்டிக் உறை பிரிக்காத பொருள், நேராக மேலிருந்து எடுத்தது, கேபிள் சுற்றிக் கட்டியபடி. ஒருவர் தவறாமல் எல்லோரும் டப்பாவை மட்டும் எடுத்திருக்கிறார்கள், பொருளை எடுக்கவில்லை என்றால் அது காலி டப்பா டீலாகவும் இருக்கலாம்.

பயன்படுத்தியவர் போட்டோவில் கீறல் இருக்கும், போர்ட்டைச் சுற்றி அழுக்கு இருக்கும், பேருந்து சீட்டிலோ ஆபீஸ் மேஜையிலோ ஃபோனோடு செருகியபடி இருக்கும். சிலர் சமையலறைத் தராசில் வைத்துப் படம் போட்டிருப்பார்கள், அவர்களுக்கு மனதார ஒரு “Helpful” அழுத்துங்கள்.

போட்டோவில் பொருளின் பின்பக்கம் தெரிந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். பவர் பேங்குக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம், “R-” என்று தொடங்கும் எண் ஒன்று அச்சாகியிருக்க வேண்டும். அந்த அமைப்பின் “BIS Care” ஆப்பில் இந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வரும். ஆப் இலவசம். எண் எதுவுமே இல்லை, அல்லது எண்ணைப் போட்டால் யாரோ ஒருவரின் எல்இடி பல்பு வருகிறது என்றால் எத்தனை ஆயிரம் ரேட்டிங் இருந்தாலும் வேண்டாம். லித்தியம் பேட்டரி, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குகிறோம்.

7. போலி போலத் தெரிந்து போலியாக இல்லாதவை

சந்தேகம் பிடித்தவுடன் எல்லாமே போலியாகத் தெரியும், அதுவும் ஒரு சிக்கல். ஃபிளிப்கார்ட்டில் “Terrific purchase”, “Worth every penny”, “Just wow!” என்று ஒரே தலைப்பு திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து “அத்தனையும் காப்பி” என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது ரேட்டிங் கொடுக்கும்போது சைட்டே எடுத்துக் கொடுக்கும் தலைப்பு, எழுதியவர் யோசித்தது இல்லை. கீழே இருக்கும் வரியைத்தான் பார்க்க வேண்டும்.

“குட்”, “நைஸ்” என்ற ஒற்றைச் சொல் ரிவ்யூக்களும் பெரும்பாலும் நிஜமான மனிதர்கள் எழுதியவைதான், நோட்டிபிகேஷன் தொல்லை தாங்காமல் எதையோ தட்டிவிட்டுப் போனவர்கள். உங்களுக்கு அதில் பயன் இல்லை, ஆனால் பொய்யும் இல்லை. தப்பும் தவறுமான ஆங்கிலம், தங்கிலீஷ் இதுவும் போலிக்கு அடையாளம் இல்லை. என் அனுபவத்தில் காசு வாங்கி எழுதியதுதான் இலக்கணம் சுத்தமாக, பத்தி பிரித்து, கட்டுரைப் போட்டிக்கு அனுப்பியது மாதிரி இருக்கும்.

ரிவ்யூக்களைத் தானாகச் சோதித்து மதிப்பெண் போடும் வலைத்தளங்களை நம்பி இருக்க வேண்டாம். அதில் பெயர் பெற்ற ஃபேக்ஸ்பாட்டையே 2025 ஜூலையில் மூடிவிட்டார்கள். சந்தேகமாக இருந்தால் எழுதியவர் பெயரை அழுத்திப் பாருங்கள், அமேசானில் அவர் மறைத்து வைக்காவிட்டால் மற்ற ரிவ்யூக்களும் தெரியும். ஒரே வாரத்தில் பெயர் தெரியாத பிராண்டின் இயர்போன், தாடி எண்ணெய், குக்கர் கேஸ்கெட், நாய் பெல்ட் எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தால் அவருக்கு அது ஷாப்பிங் இல்லை, வருமானம்.

8. டப்பா வந்த பிறகு

பிரிப்பதை வீடியோ எடுங்கள், டப்பா மேல் இருக்கும் லேபிளிலிருந்து ஆரம்பித்து நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக. பில்லை டவுன்லோடு செய்து வையுங்கள். அன்றே தராசில் வைத்து எடை பாருங்கள், அன்று இரவே முழுதாக ஏற்றி, அடுத்த சில நாளில் ஃபோன் எத்தனை முறை நிரம்புகிறது என்று குறித்து வையுங்கள். ரிட்டர்ன் நாள் ஏழுதான் என்பதால் வார இறுதி வரட்டும் என்று தள்ளிப் போட வேண்டாம்.

உள்ளே ஒரு சின்ன அட்டை இருக்கலாம். “5 ஸ்டார் கொடுத்து ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள், 100 ரூபாய் கேஷ்பேக்” அல்லது “வாரன்டி ஆறு மாதம் நீட்டிப்பு” என்று வாட்ஸ்அப் நம்பரோடு. நம் வீடுகளில் பலர் அதை நல்ல மனதோடு செய்துவிடுகிறார்கள், கொடுக்கிற காசை ஏன் விட வேண்டும் என்று. அந்த அட்டை சைட் விதிகளுக்கு எதிரானது, உங்கள் நம்பரும் ஆர்டர் விவரமும் விற்பவர் கைக்குப் போகும். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, ஆர்டர் பக்கத்தில் கஸ்டமர் கேர் வழியாக அனுப்புங்கள். சந்தேகமான ரிவ்யூவை நேரடியாகப் புகார் செய்ய அமேசானில் ஒவ்வொன்றின் கீழும் “Report” இருக்கிறது.

பொருள் சொன்னபடி இல்லை, மாற்றியும் தரவில்லை என்றால் சைட்டின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். பெயரும் தொடர்பு விவரமும் சைட்டில் போட்டிருக்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதி. புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பவர் வாடிக்கையாளர் போல வேஷம் போட்டு ரிவ்யூ எழுதக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது, எழுதும்போது அதைக் குறிப்பிடுங்கள். ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்றே IS 19000:2022 என்று ஒரு இந்தியத் தரநிலையும் உண்டு, ஆனால் அது விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில் வந்தது, அதைக் காட்டி யாரையும் பிடிக்க முடியாது.

அங்கேயும் நகரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அழைப்பு இலவசம், தமிழிலும் பேசலாம். பேசும்போது ஆர்டர் எண், பில், முதல் படியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட், எடை போட்டோ, கஸ்டமர் கேரில் கொடுத்த புகார் எண் எல்லாம் கையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் எடுத்து வைத்துவிட்டு மறுபடி கூப்பிடச் சொல்வார்கள். உதவி எண்ணில் இருப்பவர்கள் நிறுவனத்திடம் பேசிப் பார்ப்பார்கள், தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, e-Jagriti தளத்தில் ஆன்லைனிலேயே போடலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். 600 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போவதா என்பது உங்கள் இஷ்டம். நானாக இருந்தால் 1915 வரை போவேன், பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

கடைசியாக உங்கள் ரிவ்யூ. முதல் வாரத்தில் எழுதாதீர்கள், ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். எடை இவ்வளவு, இன்ன ஃபோனை இத்தனை முறை நிரப்பியது, இன்ன சார்ஜரில் இவ்வளவு நேரம் ஆனது என்று மூன்று வரி போதும். ஆறு மாதத்தில் உப்பிப்போனால் புதிதாக எழுத வேண்டாம், பழைய ரிவ்யூவையே எடிட் செய்து, மேலே தேதி போட்டு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.